பொது மெயில் ஐடியிலிருந்து பதில் எழுதும்போது யார் கையொப்பம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அலுவலகத்தில் நாலு பேர் ஒரே மெயில் ஐடியிலிருந்து பதில் போடுகிறோம். கடைசியில் "சேர்க்கைப் பிரிவு" என்று மட்டும் போட்டால் போதாதா?

போதாது. ஏன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நாங்களும் நாலு பேர்தான்; ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்டு. இடம் கிடைத்த ஒரு மாணவியின் அப்பா திங்கட்கிழமை எழுதியிருந்தார். மகள் முன்பு படித்த இடத்தில் மாற்றுச் சான்றிதழ் தர இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறார்கள், அதுவரை அவகாசம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை "சரி, பத்து நாளில் கொடுங்கள்" என்று ஒரு பதில் போனது. வியாழக்கிழமை "சான்றிதழ் வெள்ளிக்குள் வராவிட்டால் இடம் ரத்தாகும்" என்று இன்னொரு பதில் போனது. இரண்டின் அடியிலும் "இப்படிக்கு, சேர்க்கைப் பிரிவு".

வெள்ளிக்கிழமை காலை அவர் இரவுப் பேருந்தில் வந்து இறங்கி, இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "இதில் எதை நான் நம்பணும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. முதல் பதிலை எழுதியவர் அந்த மாதம்தான் தற்காலிகமாக வேலைக்கு வந்தவர், அவகாசம் கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது என்பதைக் கண்டுபிடிக்கவே மதியம் ஆகிவிட்டது. இரண்டாவதை எழுதியவர், முதல் பதிலைப் பார்க்காமல், எல்லாருக்கும் போகும் நினைவூட்டலை அவருக்கும் அனுப்பியிருந்தார். இரண்டில் ஒன்றிலாவது ஒரு பெயர் இருந்திருந்தால், பேருந்து ஏறுவதற்கு முன்பே போன் செய்து அந்த ஆளைக் கேட்டிருப்பார்.

பிரிவின் பெயர் மட்டும் இருக்கும் மெயிலைப் படிக்கிறவருக்கு அந்த அலுவலகம் முழுவதுமே ஒரே ஆளாகத் தெரிகிறது. அந்த ஆள் செவ்வாய்க்கிழமை ஒன்றும் வியாழக்கிழமை வேறொன்றும் சொன்னால், பேச்சு மாறுகிறார் என்றுதான் படும். உள்ளே நாலு பேர் இருப்பது வெளியே தெரிந்தால்தான், எங்கேயோ தகவல் இடறியிருக்கிறது என்று அவருக்கும் புரியும். யாரைக் கேட்டால் சரியாகும் என்றும் தெரியும்.

அப்படியானால் கையொப்பத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

மூன்று செய்திகள். எழுதுவது யார்? இந்த விஷயத்தில் அவருக்கு என்ன வேலை? இதற்குப் பதில் போட்டால் யார் கண்ணில் படும்? எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயரை வைத்துக் காட்டுகிறேன்:

> மு. செல்வி
> சான்றிதழ் சரிபார்ப்பு, சேர்க்கைப் பிரிவு
> இந்த ஐடிக்கு வரும் மெயில்களைப் பிரிவில் நாலு பேரும் பார்ப்போம். என் பெயரைக் குறிப்பிட்டால் என்னிடம் வரும்.
> அலுவலகத் தொலைபேசி: உள் எண் 214, காலை 10 முதல் மாலை 5 வரை

முதல் இரண்டு வரிகளைப் பலர் போடுகிறார்கள். மூன்றாவது வரியைத்தான் யாரும் போடுவதில்லை. எனக்கு அதுதான் மிகவும் முக்கியம். செல்வி என்ற பெயரைப் பார்த்ததும் படிக்கிறவர், செல்வியோடு தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார். ஒரு தாய் தன் மகளின் உடல்நிலை பற்றி, மனம் விட்டு, இரண்டு பக்கம் எழுதிவிடுவார். அதை மறுநாள் காலை திறப்பது செல்வியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாலு பேர் படிப்போம் என்று முன்கூட்டியே தெரிந்தால், எதை எழுதுவது, எதைப் போனில் சொல்வது என்று அவரே முடிவு செய்துகொள்வார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுப்பது நம் கடமை.

"என் பெயரைக் குறிப்பிட்டால்" என்ற பகுதிக்கும் காரணம் உண்டு. செல்வி விடுப்பில் இருந்தாலும் மெயில் பொதுப் பெட்டிக்குத்தான் வரும், தேங்கி நிற்காது. செல்வி இருந்தால், பெயரைப் பார்த்து மற்றவர்கள் அதை அவருக்கு விட்டுவிடலாம்.

லோகோவுக்குள் பெயரை எழுதிப் படமாக ஒட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பல இடங்களில் மெயிலில் வரும் படங்கள் தானாகத் திறக்காதபடி வைத்திருப்பார்கள். படம் திறக்காவிட்டால் பெயரும் போய்விடும்.

என் பதவிப் பெயரைப் போட்டாலே என் பொறுப்பு தெரிந்துவிடாதா?

அலுவலகத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியே இருக்கிற அந்த அப்பாவுக்குத் தெரியாது. "இளநிலை உதவியாளர்" என்றால் உங்கள் சம்பளப் பட்டியலில் எந்தப் படி என்பது தெரிகிறது. அவகாசம் கொடுக்க உங்களால் முடியுமா என்பது தெரியவில்லை. பெரிய பதவிக்கும் இதே கதிதான். "துணைப் பதிவாளர்" என்று கையொப்பமிட்ட மெயில் வந்தால், அதுவே கல்லூரியின் கடைசி முடிவா, அவர் வெறுமனே ஒரு விவரம் சொல்கிறாரா என்று படிக்கிறவருக்குப் புரியாது.

அதனால் பதவிக்குப் பதிலாக, அல்லது அதோடு சேர்த்து, நீங்கள் பார்க்கும் வேலையை எழுதுங்கள். "சான்றிதழ் சரிபார்ப்பு", "கட்டணத் திரும்பளிப்பு", "விடுதி ஒதுக்கீடு" என்ற இரண்டு சொல் போதும்.

ஆனால் பொறுப்பு என்பது மெயிலுக்கு மெயில் மாறும். ஒரே செல்வி காலையில் ஒரு சான்றிதழைத் தானே சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறார். அப்போது முடிவெடுப்பவர் அவர்தான். மதியம் அவகாசம் பற்றி எழுதுகிறார். அப்போது வேறொருவர் எடுத்த முடிவைத் தெரிவிப்பவர். மாலையில் இன்னொருவர் கவனிக்கும் விவகாரத்துக்கு, "பார்த்துச் சொல்கிறோம்" என்று இடைக்காலப் பதில் போடுகிறார். இந்த மூன்றையும் நிரந்தரக் கையொப்பத்தில் அடைக்க முடியாது. மெயிலின் உடலிலேயே ஒரு வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிலை இப்போது நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> ஐயா, வணக்கம். சேர்க்கைப் பிரிவிலிருந்து செல்வி எழுதுகிறேன். சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் வேலை. அவகாசம் தருவதைத் துணைப் பதிவாளர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கோரிக்கையை இன்று காலை அவரிடம் வைத்திருக்கிறேன். நாளை மாலை 5 மணிக்குள் அவர் முடிவை உங்களுக்கு எழுதுகிறேன். அதுவரை வெள்ளிக்கிழமை என்ற கடைசி நாள் அப்படியேதான் இருக்கிறது.

இதில் அந்த அப்பாவுக்குச் சாதகமாக எதுவும் இல்லை. ஆனால் தன் விஷயம் யாரிடம் நிற்கிறது, எப்போது தெரியும், இந்த நிமிடத்தில் எது செல்லும் என்று மூன்றும் தெரிந்துவிட்டன. அடுத்த நாள் போகும் பதிலும் அதே முறையில்: "துணைப் பதிவாளர் பத்து நாள் அவகாசம் அனுமதித்திருக்கிறார். அவர் சொன்னபடி இதை எழுதுகிறேன்." இந்த மெயில் கையில் இருந்தால், வியாழக்கிழமை நினைவூட்டல் வந்தாலும் அவர் பதற மாட்டார். எது முடிவு, எது எல்லாருக்கும் போகிற அறிவிப்பு என்று பிரித்துப் பார்க்க அவரிடம் ஆதாரம் இருக்கிறது.

மேலதிகாரி வாயால் சொல்ல, நான் அடித்து அனுப்பும் மெயிலில் யார் பெயரைப் போடுவது?

இரண்டு பெயரும் வரவேண்டும், அவரவர் இடத்தில். முடிவு அவருடையது, எழுத்து உங்களுடையது.

இது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலகக் கடிதங்களைப் பார்த்திருப்பீர்கள். கையொப்பத்தின் கீழே "அரசுச் செயலாளருக்காக" என்று இருக்கும். கையொப்பமிட்டவர் வேறு, யார் அதிகாரத்தில் கடிதம் போகிறது என்பது வேறு என்பதை அந்த "ஆக" சொல்லிவிடுகிறது. மெயிலின் அமைப்பிலும் இந்தப் பிரிவு உண்டு. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5322 என்ற மெயில் விதிமுறையில், எழுதியவருக்கு `From`, அனுப்பி வைத்தவருக்கு `Sender` என்று தனித்தனிப் புலங்கள் இருக்கின்றன. ஒருவருக்காக அவருடைய செயலர் அனுப்பும் மெயிலைத்தான் அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பொதுப் பெட்டியில் இதை எளிதாகச் செய்யலாம்:

> மு. செல்வி
> துணைப் பதிவாளருக்காக

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அவர் பார்க்காத மெயிலை அவர் பெயரை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள், அவரே "என் பெயர் போட்டுடு" என்று சொன்னாலும். நாளைக்கு அந்த அப்பா நேரில் வந்து "நீங்கள்தானே எழுதினீர்கள்" என்று கேட்கும்போது அவர் முழிப்பார். அந்த ஒரு முழியில் உங்கள் அலுவலகத்தின் எல்லா மெயிலும் நம்பிக்கை இழக்கும்.

"முடியாது" என்று எழுதும் மெயிலில் என் பெயர் போடப் பயமாக இருக்கிறது. அங்கேயும் போட வேண்டுமா?

போடுங்கள். ஆனால் மறுப்பின் பாரத்தை உங்கள் பெயர் மட்டும் சுமக்காதபடி எழுதுங்கள். யார் மறுத்தார், என்ன காரணம், ஒப்புக்கொள்ளாவிட்டால் யாரிடம் போகலாம் என்ற மூன்றும் மறுப்பு மெயிலில் இருந்தால், கோபம் வழி தெரிந்து போகும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 7(8) பிரிவு இதற்கு நல்ல மாதிரி. தகவல் தர மறுத்தால், காரணத்தையும், மேல்முறையீட்டுக்கான காலத்தையும், மேல்முறையீட்டு அதிகாரியின் விவரத்தையும் மனுதாரருக்குச் சொல்லியாக வேண்டும். அரசு நிதியில் பெரிதும் நடக்காத தனியார் கல்லூரிக்கோ கடைக்கோ அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் நம் மெயிலுக்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

அனுப்புநர் பெயரிலேயே என் பெயரையும் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஓரளவு. போனில் இன்பாக்ஸைப் புரட்டுகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது அனுப்புநர் பெயர்தான். "செல்வி, சேர்க்கைப் பிரிவு" என்று அங்கே வந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பேர் மாறி மாறி எழுதும்போது அந்தப் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும். கிராமத்தில் இருக்கிற ஒருவர் "சேர்க்கைப் பிரிவு" என்று தேடினால் எல்லா மெயிலும் ஒன்றாக வரவேண்டும். பெயர் மாறிக்கொண்டிருந்தால் ஏமாற்று மெயிலோ என்ற சந்தேகமும் வரும். அதனால் அனுப்புநர் இடத்தில் பிரிவின் பெயரை மாறாமல் வைத்துவிட்டு, ஆளின் பெயரை உள்ளே சொல்வதுதான் என் தேர்வு.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் அலுவலகமாக இருந்தால், பொதுப் பெட்டிக்கு இரண்டு வித அனுமதி தரலாம். `Send As` என்றால் படிப்பவருக்குப் பொதுப் பெட்டியின் பெயர் மட்டும் தெரியும். `Send on Behalf` என்றால் யார், யாருக்காக அனுப்பினார் என்று அவுட்லுக்கில் இரண்டு பெயரும் தெரியும். பதில் பொதுப் பெட்டிக்கே போகும். இரண்டாவது நேர்மையானது என்று தோன்றும், நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். ஆனால் அதில் ஊழியரின் தனி அலுவலக ஐடியும் வெளியே போகிறது. அடுத்த முறை பலர் நேராக அதற்கே எழுத ஆரம்பிப்பார்கள். அவர் விடுப்பில் போனால் அந்த மெயில்கள் யாரும் பார்க்காமல் கிடக்கும். பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் பெட்டிக்கு `Send As` கொடுத்து, கையொப்பத்தில் ஒழுங்காகப் பெயர் போடுவதே போதும்.

கையொப்பத்தை ஆட்டோமேட்டிக்காக வைத்தோம். இப்போது நான் எழுதும் மெயிலிலும் சக ஊழியர் பெயர்தான் போகிறது. என்ன செய்வது?

பொதுப் பெட்டியில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பெயரே இல்லாத மெயிலை விடத் தவறான பெயர் உள்ள மெயில் மோசமானது. பெயர் இல்லாவிட்டால் படிப்பவர் "யார் எழுதியது?" என்று கேட்பார். தவறான பெயர் இருந்தால் கேட்கவே மாட்டார். எழுதாத ஒருவரைப் பிடித்துச் சத்தம் போடுவார்.

காரணம் எளிது. தானாக வரும் கையொப்பம் பெட்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. பொதுப் பெட்டியை இணைய அவுட்லுக்கில் தனியாகத் திறந்து அதன் அமைப்புகளில் ஒரு கையொப்பம் வைத்தால், பெட்டியைத் திறக்கிற எல்லாருக்கும் அதே வரும்.

தீர்வு: தானாக வரும் பகுதியில் யாருக்கும் மாறாத வரிகளை மட்டும் வையுங்கள். பிரிவின் பெயர், நாலு பேரும் படிப்போம் என்ற வரி, தொலைபேசி நேரம். பெயரையும் வேலையையும் ஒவ்வொருவரும் கையால் அடிக்கட்டும். "மு. செல்வி, சான்றிதழ் சரிபார்ப்பு" என்று அடிக்க ஐந்து நொடி ஆகுமா? அந்த ஐந்து நொடியில், நான் எழுதுவது எனக்கு உரிய முடிவுதானா என்ற கேள்வியும் ஒரு தடவை மனதில் வந்து போகும். எங்கள் தற்காலிக ஊழியர் அன்று தன் பெயரை அடித்திருந்தால் "சரி, பத்து நாள்" என்று எழுதியிருப்பாரா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

எல்லாரும் ஒரே ஜிமெயில் கணக்கைத் திறந்து வேலை செய்கிறீர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அமைப்புகளில் ஆளுக்கு ஒரு கையொப்பம் உருவாக்குங்கள். அதற்குக் கீழேயே புதிய மெயிலுக்கு எது, பதிலுக்கு எது என்று கேட்கும் இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டிலும் `No signature` வையுங்கள். எழுதி முடித்ததும் பேனா அடையாளத்தைத் தட்டி, அவரவர் கையொப்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மறந்தால் பெயரில்லாமல் போகும்; அடுத்தவர் பெயரில் போகாது.

நீண்ட உரையாடலில் என் பெயர் படிப்பவருக்குத் தெரியவே இல்லை என்கிறார்கள். கையொப்பம் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் ஜிமெயில் அதை மடித்து வைத்திருக்கும். முந்தைய மெயிலில் இருந்த அதே வரிகள் மீண்டும் வந்தால், ஜிமெயில் அவற்றை மூன்று புள்ளிகளுக்குள் சுருக்கிவிடும். ஒவ்வொரு பதிலிலும் அச்சு மாறாமல் வரும் கையொப்பம் இதில் எளிதாக மாட்டிக்கொள்கிறது. கையொப்பத்துக்கு மேலே இரண்டு சிறு கோடும் ஓர் இடைவெளியும் கொண்ட ஒரு வரி வருகிறதல்லவா, அது "இதற்குக் கீழே இருப்பது கையொப்பம்" என்று மெயில் நிரல்களுக்குச் சொல்லும் பழைய அடையாளம். அதைப் பார்த்து அந்தப் பகுதியை மங்கலாகக் காட்டும் அல்லது பதிலில் வெட்டிவிடும் நிரல்களும் உண்டு.

ஆகவே பெயரைக் கையொப்பத்தில் மட்டும் நம்பி விடாதீர்கள். முதல் வாக்கியத்திலேயே "சேர்க்கைப் பிரிவிலிருந்து செல்வி எழுதுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அது உடலின் பகுதி, மடங்காது. போனில் மெயிலைத் திறக்கும் முன்பே தெரியும் முன்னோட்ட வரியிலும் பெயர் வந்துவிடும். எழுத்துத் தமிழில் இது கொஞ்சம் தொலைபேசிப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று எங்கள் கண்காணிப்பாளர் குறைப்பட்டார். இருக்கட்டும். போனில் பெயர் சொல்லாமல் பேச ஆரம்பிக்கிறவரை நாம் நம்புவோமா?

சக ஊழியர் விடுப்பில் போய்விட்டார். அவர் தொடங்கிய உரையாடலை நான் தொடரும்போது எப்படி எழுதுவது?

ஆள் மாறியதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். "இதுவரை உங்களுக்கு எழுதியவர் செல்வி. அவர் இந்த வாரம் விடுப்பில் இருப்பதால் கண்ணனாகிய நான் தொடர்கிறேன். நீங்கள் இருவரும் எழுதிய எல்லா மெயிலையும் படித்துவிட்டேன்." இந்தக் கடைசி வாக்கியம் படிப்பவருக்குப் பெரிய ஆறுதல், கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை என்று அர்த்தம். அதனாலேயே, உண்மையில் படித்திருந்தால் மட்டும் எழுதுங்கள். ஏன் விடுப்பு என்ற காரணம் வெளியாருக்கு வேண்டாம்.

செல்வி சொன்னதை நீங்கள் மாற்ற வேண்டி வந்தால் இன்னும் கவனம் தேவை. "செல்வி தவறாகச் சொல்லிவிட்டார்" என்று எழுதாதீர்கள். "15ஆம் தேதி எங்கள் பிரிவிலிருந்து வந்த பதிலில் கடைசி நாள் தவறாக இருந்தது; சரியான நாள் இது" என்று எழுதுங்கள். சரி செய்கிறவர் தன் பெயரைப் போட வேண்டும், தவறைப் பிரிவு ஏற்க வேண்டும். பெயர் போடுகிற பழக்கம், தவறு வந்ததும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் பழக்கமாக மாறினால், அடுத்த வாரமே எல்லாரும் "சேர்க்கைப் பிரிவு" என்ற போர்வைக்குள் போய்விடுவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் பிரிவில் பெண்கள் முழுப்பெயர் போடத் தயங்குகிறார்கள். பெயரைத் தேடி, தனிப்பட்ட முறையில் தொந்தரவு செய்தவர்களும் இருக்கிறார்கள்.

தயக்கம் நியாயமானது. இதில் யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். படிப்பவருக்குத் தேவை, அடுத்த முறையும் இதே ஆளைப் பிடிக்க ஒரு பிடி. முழுப்பெயர் அதற்கு ஒரு வழி மட்டுமே.

நம் அரசு அலுவலகங்களில் இருக்கைக்கு எண் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்: "சேர்க்கைப் பிரிவு, இருக்கை அ-3, சான்றிதழ் சரிபார்ப்பு." எந்தத் தேதியில் எந்த இருக்கையில் யார் இருந்தார் என்று உள்ளே ஒரு பதிவேடு இருந்தால் போதும். அல்லது முன்னெழுத்தும் ஊர்ப்பெயரும் இல்லாமல் "செல்வி" என்று மட்டும் போடலாம். எதுவானாலும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே ஆள் இன்று அ-3, நாளை செல்வி என்று எழுதினால் படிப்பவர் இரண்டு ஆள் என்றே நினைப்பார்.

இல்லாத ஒருவரின் பெயரைக் கற்பித்து நாலு பேரும் அதில் எழுதுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பெயரைக் கேட்டு ஒருவர் கவுண்டருக்கு வந்து நின்றால் யாரைக் காட்டுவீர்கள்?

ஊழியரின் சொந்தக் கைபேசி எண் எந்தக் கையொப்பத்திலும் வேண்டாம். ஒன்று மட்டும் விதிவிலக்கு: சட்டமே பெயரைக் கேட்கும் பொறுப்புகளில் இருக்கை எண் செல்லாது. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சமூக ஊடகத் தளங்கள் போன்றவை குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டாக வேண்டும். அந்த இடத்தில் உட்காருகிறவர் தெரிந்தே உட்கார வேண்டும்.

தானாகப் போகும் "உங்கள் மெயில் கிடைத்தது" பதிலில் யார் பெயர்?

யார் பெயரும் வேண்டாம். இது தானாகப் போகும் பதில், இன்னும் யாரும் படிக்கவில்லை, படித்த பிறகு பெயரோடு பதில் வரும் என்று எழுதுங்கள். தானியங்கிப் பதிலில் ஒருவர் பெயரைப் போட்டால், அவர் படித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நான் அனுப்பிய பதில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. கையொப்பம் போட்டும் இரண்டு பேர் ஒரே மெயிலுக்குப் பதில் அனுப்புகிறோம்.

மைக்ரோசாஃப்ட் 365இல், பொதுப் பெட்டியின் பெயரில் நீங்கள் அனுப்பியதன் நகல் உங்கள் சொந்த `Sent Items` கோப்புறையில்தான் விழும். பொதுப் பெட்டியில் விழாது. அதை மாற்றக் கணினிப் பிரிவிடம் இந்த இரண்டு கட்டளைகளைக் கொடுங்கள், ஐடியை மட்டும் உங்களுடையதாக மாற்றி:

```
Set-Mailbox admissions@example.org -MessageCopyForSentAsEnabled $true
Set-Mailbox admissions@example.org -MessageCopyForSendOnBehalfEnabled $true
```

அதற்குப் பிறகு போகும் பதில்களின் நகல் பொதுப் பெட்டியிலும் இருக்கும். பழையவை வந்து சேராது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பகிர்ந்துகொண்டால், கையொப்பத்தில் இருக்கும் பெயர் ஒரு வாக்குமூலம் மட்டுமே, ஆதாரம் ஆகாது. எங்கள் அலுவலகத்தில் அந்த வெள்ளிக்கிழமை மதியம் வரை தேட வேண்டியிருந்ததற்குக் காரணம் அதுதான். ஆளுக்கு ஒரு கணக்கு, அதிலிருந்து பொதுப் பெட்டிக்கு அனுமதி என்று அமைத்தால் யார் அனுப்பியது என்று உள்ளே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் ஒருவருக்கு ஐந்தாறு பதில் போகிறது. ஒவ்வொன்றிலும் முழுக் கையொப்பமா?

தேவையில்லை. முதல் பதிலில் முழுதாக, பிறகு "செல்வி" என்று மட்டும். ஆள் மாறினாலும், அடுத்த நாள் ஆனாலும், ஒரு முடிவைத் தெரிவிக்கும் மெயிலாக இருந்தாலும் மறுபடி முழுதாக. முடிவு சொல்லும் மெயிலைத்தான் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவருவார்கள். அந்த ஒரு தாளில் எல்லாம் இருக்க வேண்டும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருகிற மெயில்களைப் பாருங்கள். கடைசியாக வந்த இருபது பதில்களை எடுத்து, முதல் வரியில் எப்படி விளித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். "ஐயா / அம்மா" என்று சாய்கோடு போட்டு எழுதியிருந்தால், எதிரில் யார் இருக்கிறார் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. "செல்வி மேடம்" என்று எழுதியிருந்தால் தெரிந்திருக்கிறது. "செல்வி மேடம், துணைப் பதிவாளர் பார்த்துவிட்டாரா?" என்று கேட்டிருந்தால், யார் எழுதுகிறார், யார் முடிவெடுக்கிறார் என்ற இரண்டுமே போய்ச் சேர்ந்திருக்கின்றன. கவுண்டரில் இருப்பவரிடமும் கேளுங்கள்: "மெயில் போட்டது யாரு?" என்று கேட்டு வருகிறவர்கள் ஒரு வாரத்தில் எத்தனை பேர் என்று ஒரு தாளில் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் எண்ணுவது நல்லது. மற்ற மாதங்களில் எண்ணினால் கோடு குறைவாகத்தான் இருக்கும்.